சாயங்காலம் களைத்துப்போகும் பில்லிங் புரோகிராம்

காலையில் கண்ணிமைக்கும் நேரத்தில் பில் போடும் கம்ப்யூட்டர் இரவு எட்டு மணிக்குத் தவழ்கிறது. பழி விழுவது ரேம் மீது. குற்றவாளி இருப்பதோ வேறு இடத்தில்.

கடைக்காரர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. காலை பத்து மணிக்குக் கடையைத் திறந்து பில்லிங் புரோகிராமை ஓடவிட்டால் சரக்கின் பார்கோடைக் காட்டிய அடுத்த கணம் பெயரும் விலையும் திரையில் வந்து நிற்கும். மதியத்துக்குப் பிறகு ஒரு சிறு தயக்கம் தெரியும். விளக்கு வைக்கும் நேரத்தில், கூட்டம் கவுன்ட்டரை மொய்க்கும்போது, ஒவ்வொரு சரக்குக்கும் திரை ஒரு வினாடி, இரண்டு வினாடி என்று யோசிக்கும். பில் போடும் பையன் அதே பாக்கெட்டை இன்னொரு முறை காட்டுவான். ஒன்றுக்கு இரண்டாகப் பதிவாகும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்.

பிறகு வழக்கமான பஞ்சாயத்து. ஹார்டுவேர்காரர் "புரோகிராம் சரியில்லை" என்பார். புரோகிராம் எழுதிக்கொடுத்தவர் "எங்கள் ஆபீசில் நன்றாகத்தான் ஓடுகிறது, ரேமைக் கூட்டுங்கள்" என்பார். முதலாளி ரேம் வாங்கிப் போடுவார். இரண்டு நாள் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். மூன்றாம் நாள் மாலை பழைய கதை.

இந்த நோய்க்குப் புரோகிராமர்கள் வைத்திருக்கும் பெயர் 'மெமரி லீக்', அதாவது நினைவகக் கசிவு. பெயரே கொஞ்சம் குழப்புகிறது. குழாயில் தண்ணீர் ஒழுகுவது போல இங்கே எதுவும் வெளியே போவதில்லை. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டிய இடத்தைப் புரோகிராம் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒரு பில்லுக்குக் கொஞ்சம் என்று சேர்ந்து சேர்ந்து மாலைக்குள் மலையாகிறது.

பஸ்ஸில் போட்ட துண்டு

பழைய சி மொழியில் எழுதிய புரோகிராம்களில் இது நடப்பது சுலபமாகப் புரியும். அங்கே இடத்தைக் கேட்டு வாங்குவதும் திருப்பித் தருவதும் எழுதுகிறவரின் பொறுப்பு. மறந்தால் போயிற்று. ஆனால் கடைகளில் ஓடும் பல புரோகிராம்கள் மைக்ரோசாஃப்டின் டாட் நெட்டில் எழுதப்பட்டவை. அங்கே தேவையற்ற இடத்தைத் தானாகவே கண்டுபிடித்துக் காலி செய்ய ஒரு துப்புரவாளர் உண்டு. அப்படியிருந்தும் கசிவு எப்படி வருகிறது?

துப்புரவாளருக்குத் தெரிந்த விதி ஒன்றுதான்: ஒரு பொருளை உயிரோடிருக்கும் வேறு யாரும் சுட்டிக்கொண்டிருக்காவிட்டால் அது குப்பை. அப்படி யாராவது ஒருவர் சுட்டிக்கொண்டிருந்தாலும் அதைத் தொடக் கூடாது. பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பது போன்றது இது. துண்டு கிடக்கும்வரை அந்த இருக்கை நிரம்பியதாகக் கணக்கு. துண்டு போட்டவர் எப்போதோ இறங்கிப் போயிருக்கலாம். கண்டக்டருக்கு அது தெரியாது. டாட் நெட் புரோகிராம்களின் கசிவுகளில் பெரும்பாலானவை இப்படி மறந்துபோன துண்டுகள்தான்.

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு கடையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். நாக்பூர் இத்வாரி போன்ற ஒரு கடைவீதியில் மளிகைக் கடை, இரண்டு கவுன்ட்டர். கூட்டம் அதிகமுள்ள கவுன்ட்டரில் நாளுக்கு 420 பில். சரக்குகளைப் பதிவு செய்தபின் 'பணம் பெறுதல்' என்ற சிறு விண்டோ திறக்கிறது. ரொக்கமா, கார்டா, யுபிஐயா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கமான வாடிக்கையாளர் தன் உறுப்பினர் அட்டையைக் காட்டினால் அதே ஸ்கேனர் அதையும் படித்துத் தள்ளுபடி தரும். இந்த வசதிக்காக, திறக்கும்போதே அந்த விண்டோ ஸ்கேனரிடம் போய் "நீ எதைப் படித்தாலும் எனக்கும் சொல்லு" என்று பெயர் கொடுத்து வைக்கிறது.

பணம் வாங்கியாயிற்று, விண்டோ மூடியாயிற்று. ஆனால் ஸ்கேனரின் பட்டியலிலிருந்து பெயரை யாரும் அடிக்கவில்லை. ஸ்கேனருக்கான பகுதி கடை மூடும்வரை உயிரோடு இருப்பது. அதன் பட்டியலில் பெயர் இருக்கிறவரை அந்த விண்டோவும், அதோடு அந்தப் பில்லும், அதன் சரக்கு வரிசையும், அச்சுக்குத் தயாரித்த படமும் நினைவகத்தை விட்டு நகர முடியாது. கண்ணுக்குத் தெரியாத விண்டோ ஒன்று மிச்சம். அடுத்த பில்லுக்கு இன்னொன்று. கடை மூடும்போது 420.

மெதுவாவது ஏன்?

இந்த இடத்தில்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நினைவகம் நிரம்பியதால் கம்ப்யூட்டர் மெதுவாகிறது என்று நினைக்கிறார்கள். சில சமயம் அது உண்மை. ரேம் முழுதும் தீர்ந்து, விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கைத் துணைக்கு அழைக்கும்போது எல்லாமே ஆமை வேகமாகும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். ஆனால் நம் உதாரணக் கடையில் ரேம் பாதிகூட நிரம்பவில்லை. தாமதம் மட்டும் வந்துவிட்டது.

காரணம், அந்த 420 விண்டோக்களும் சும்மா இல்லை. அவை இன்னும் வேலை செய்கின்றன. ஒவ்வொரு முறை பார்கோடு படிக்கப்படும்போதும் ஸ்கேனர் தன் பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் வரிசையாகத் தகவல் சொல்கிறது. மூடிப்போன ஒவ்வொரு விண்டோவும் விழித்துக்கொண்டு, "இது உறுப்பினர் அட்டையா?" என்று டேட்டாபேஸில் தேடிப் பார்க்கிறது. அந்தத் தேடலுக்கு ஆகும் நேரம் வினாடியில் 200-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். காலையில் அது யாருக்கும் தெரியாது. 200 பில் தாண்டிய பிறகு ஒரு சோப்புக் கட்டியைப் பதிவு செய்ய ஒரு முழு வினாடி ஆகும். 420-ஐ எட்டும்போது இரண்டு வினாடிக்கும் சற்று மேல். பன்னிரண்டு சரக்கு கொண்ட பில்லுக்கு வீணாகும் காத்திருப்பு மட்டும் 25 வினாடி. எல்லாத் தேடலும் முடியும்வரை திரை உறைந்து நிற்கும்.

ஆக, இது பகலெல்லாம் உழைத்த இயந்திரத்தின் களைப்பு அல்ல. கணக்கு பில் எண்ணிக்கையோடு போகிறது; கடிகாரத்தோடு அல்ல. பத்து பேர் வரும் மழை நாளில் அதே புரோகிராம் இரவு பத்து மணி வரை துள்ளிக்கொண்டிருக்கும். ரேம் வாங்கிப் போட்டு இதைத் தீர்க்க முடியாததற்கும் இதுவே காரணம். செத்த விண்டோக்கள் உட்கார இன்னும் பெரிய மண்டபம் கட்டிக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

தீபாவளியில் மட்டும் விழுவது

ஆண்டு முழுதும் மெதுவாக ஓடி, பண்டிகை வாரத்தில் மட்டும் புரோகிராம் அடியோடு விழுவதும் இதே கணக்குதான். ஒரு பில்லின் மிச்சம் 2.5 எம்.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் புரோகிராம் பிடிக்கும் இடம் 140 எம்.பி. சாதாரண நாளில் 420 பில்லோடு அது 1,190 எம்.பி. ஆகிறது. சகித்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் 700 பில் என்றால் 1,890 எம்.பி. வேண்டும்.

கடைப் புரோகிராம்களில் கணிசமானவை 32 பிட் வகை. பழைய பிரிண்டர், பழைய அக்ஸஸ் டேட்டாபேஸ் ஆகியவற்றோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அப்படியே விட்டுவைக்கப்பட்டவை. அத்தகைய புரோகிராம் ஒன்றுக்கு விண்டோஸ் வழக்கமாக ஒதுக்கும் முகவரி வெளி 2 ஜி.பி. மட்டுமே. கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. இருந்தாலும் 16 இருந்தாலும் அந்த எல்லை மாறாது. அந்த 2 ஜி.பி.யும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதால் முழுதாக நிரம்பும் முன்பே ஒரு பெரிய இடம் கேட்டால் கிடைக்காமல் போகும். 600 பில்லைத் தாண்டி எங்கோ ஓரிடத்தில் `System.OutOfMemoryException` என்ற அறிவிப்போடு புரோகிராம் கவிழும். கம்ப்யூட்டரில் பாதி ரேம் காலியாக இருக்கும்போதே 'நினைவகம் இல்லை' என்ற செய்தி வருவதன் மர்மம் இதுதான்.

கவிழும் நேரமும் சங்கடமானது. பில் டேட்டாபேஸில் பதிவாகி, அச்சாகும் முன் விழுந்தால், கூட்ட அவசரத்தில் அதே சரக்கை மறுபடி பதிவு செய்து புது எண்ணில் பில் போடுவார்கள். ஒரு விற்பனைக்கு இரண்டு பில், இரண்டுக்கும் வரி. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி விதிகளின்படி பில் எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஒரு நிதியாண்டில் ஒரே எண் இரு முறை வரக் கூடாது. இரட்டைப் பில்லைச் சத்தமில்லாமல் அழித்துவிட முடியாது என்று பொருள். மாதக் கடைசியில் கணக்கர் தலையைப் பிடித்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

நோயைக் கண்டறிவது

புரோகிராமரை அழைக்கும் முன்பே கடைக்காரர் செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. செலவில்லாதவை.

முதலாவது: மாலையில் வேகம் குறைந்ததும் பில்லிங் புரோகிராமை மட்டும் மூடித் திறக்க வேண்டும். கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது. டேட்டாபேஸ் அதே, கூட்டம் அதே, நெட்வொர்க் அதே. ஆனால் வேகம் திரும்பிவிட்டது என்றால் கோளாறு அந்தப் புரோகிராமுக்குள்தான் சேர்ந்திருக்கிறது. மூடித் திறந்தும் பயனில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்: பெருத்துப்போன டேட்டாபேஸ், மாலையில் ஓடும் வைரஸ் சோதனை, இரண்டு கவுன்ட்டருக்கும் பொதுவான சர்வர்.

இரண்டாவது சோதனைக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். `Task Manager`-ஐத் திறந்து `Details` பக்கத்தில் `Commit size` என்ற பத்தியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வழக்கமாகத் தெரியும் `Memory` எண்ணை நம்ப முடியாது. விண்டோஸ் தன் வசதிக்கு அதைக் குறைத்துக் காட்டும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை மூன்று எண்களைக் குறிக்க வேண்டும்: அதுவரை போட்ட பில்கள், `Commit size`, ஒரு சரக்குப் பதிவாக ஆகும் நேரம். நம் உதாரணக் கடையில் ஒரு மணிக்கு 150 பில், 515 எம்.பி., முக்கால் வினாடி. ஐந்து மணிக்கு 280 பில், 840 எம்.பி., ஒன்றரை வினாடிக்குச் சற்றுக் குறைவு. எட்டரை மணிக்கு 420 பில், 1,190 எம்.பி., இரண்டு வினாடிக்கு மேல். மூன்றும் கை கோத்து ஏறுகின்றன. இந்த ஒரு தாள் புரோகிராமருக்கு ஒரு வாரத் தேடலை மிச்சப்படுத்தும்.

ஏறுவதெல்லாம் கசிவு அல்ல என்பதும் முக்கியம். சரக்குப் பட்டியல், படங்கள், அச்சு வடிவங்கள் ஆகியவற்றை முதல் தடவை எடுத்து வைத்துக்கொள்வதால் எந்தப் புரோகிராமும் முதல் ஒரு மணி நேரம் வளரும். பிறகு எண் ஏறி இறங்கும். துப்புரவாளர் வரும்போது இறங்கும். அடுத்து மீண்டும் ஏறும். ஆரோக்கியமான புரோகிராமில் அது இறங்கும் பள்ளம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். பள்ளங்களே படிப்படியாக உயர்ந்துகொண்டு போனால்தான் நோய்.

மூன்றாவது சோதனை, ஒரு கவுன்ட்டரில் புரோகிராமைத் திறந்து பில் போடாமல் விட்டுவைப்பது. சும்மா இருக்கும்போதும் எண் ஏறினால், கசிவு பில்லில் இல்லை. நிமிடத்துக்கொரு முறை தானாக ஓடும் ஏதோ ஒரு வேலையில் இருக்கிறது. ஏறவில்லை என்றால் பில் போடும் படிகளில் தேடினால் போதும்.

திரையில் பொத்தான்கள் மறைவது, பாதி விண்டோ கறுப்பாக வருவது போன்ற அறிகுறிகள் வேறொரு கிளை நோய். அதில் நினைவகம் குறைவாகத்தான் ஏறும். தீர்ந்துபோவது எழுத்துரு, தூரிகை, படம் போன்ற வரைபொருள்களின் எண்ணிக்கை. ஒரு புரோகிராமுக்கு விண்டோஸ் வழக்கமாக அனுமதிப்பது 10,000. அதே `Details` பக்கத்தில் `GDI objects` என்ற பத்தி இதைக் காட்டிக்கொடுக்கும்.

புரோகிராமர் பார்க்க வேண்டியது

தாளோடு வரும் கடைக்காரரிடம் "எங்கள் ஆபீசில் நன்றாகத்தான் ஓடுகிறது" என்று சொன்னால் அது பொய்யல்ல. ஆபீசில் ஐந்து பில் போட்டுப் பார்த்திருப்பார்கள். ஐந்து செத்த விண்டோக்களால் ஆகும் தாமதம் வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது. தானாக 500 பில் போடும் சிறு சோதனைப் புரோகிராம் ஒன்றை எழுதினால் அரை மணி நேரத்தில் மாலை எட்டு மணியை ஆபீசிலேயே வரவழைத்துவிடலாம்.

அப்போது புரோகிராமின் நினைவகத்தை அப்படியே ஒரு கோப்பாக எடுத்து, மைக்ரோசாஃப்டின் விண்டீபக் கருவியில் திறந்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். முதல் கேள்வி, இந்த வகை விண்டோ எத்தனை உயிரோடு இருக்கிறது என்பது. இரண்டாவது, அவற்றில் ஒன்றை எடுத்து, அதை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது.

```
!dumpheap -stat -type PaymentForm
!gcroot <address>
```

முதல் விடை 500 என்று வரும். ஒன்றோ பூஜ்யமோ இருக்க வேண்டிய இடத்தில். இரண்டாவது விடை ஒரு சங்கிலியாக வரும். அதன் தலையில் ஸ்கேனர், நடுவில் அதன் பட்டியல், கடைசியில் நம் விண்டோ. துண்டு போட்டவர் கையும் களவுமாகப் பிடிபடுவது அங்கே.

திருத்தம் சில வரிகள்தான். விண்டோ மூடும்போது பட்டியலிலிருந்து பெயரை நீக்க வேண்டும். கூடவே, இப்படித் திறக்கும் விண்டோவை வேலை முடிந்ததும் முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும். `ShowDialog` மூலம் திறந்த விண்டோவை மூடினால் அது மறைகிறதே தவிர, தானாக அப்புறப்படுத்தப்படுவதில்லை. மைக்ரோசாஃப்ட்டே இதைத் தன் கையேட்டில் சொல்லியிருக்கிறது, பலர் படிப்பதில்லை.

```csharp
// PaymentForm, FormClosed
scanner.Scanned -= OnScanned;

// billing screen
using (var f = new PaymentForm(bill))
{
    f.ShowDialog();
}
```

இரண்டில் இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு நோய் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. `using` விண்டோவை அப்புறப்படுத்தும். ஸ்கேனரின் பட்டியலில் உள்ள பெயரை அழிக்காது. அப்புறப்படுத்தப்பட்ட விண்டோவுக்கும் தகவல் போய்க்கொண்டே இருக்கும். அது திரையைத் தொட முயன்றால் புதிய பிழைச் செய்தி வேறு முளைக்கும். மருந்து, அந்த முதல் வரிதான்.

ஏமாற்று மருந்துகள்

சந்தையில் வேறு இரண்டு வைத்தியங்களும் புழங்குகின்றன. ஒன்று, ஒவ்வொரு பில்லுக்குப் பிறகும் `GC.Collect()` என்று துப்புரவாளரைக் கட்டாயமாக வரவழைப்பது. துண்டு கிடக்கும் இருக்கையை அவர் தொடமாட்டார் என்பதால் இதில் பயனில்லை. மாறாக, நூற்றுக்கணக்கான எம்.பி.யை ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்கும் சுமை கூடும். புரோகிராம் இன்னும் மெதுவாகும்.

இன்னொன்று கொஞ்சம் தந்திரமானது. புரோகிராமின் நினைவகத்தை ரேமிலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றும் ஒரு விண்டோஸ் கட்டளை உண்டு. அதை இயக்கியதும் `Task Manager`-ல் 1,190 என்ற எண் சட்டென்று சில பத்துகளாகக் குறையும். கடைக்காரர் அசந்துபோவார். உண்மையில் எதுவும் விடுவிக்கப்படவில்லை. `Commit size` அசையவே இல்லை. அடுத்த பில் போடும்போது வெளியேற்றியதை எல்லாம் திரும்ப உள்ளே இழுத்தாக வேண்டும்.

திருத்திய புரோகிராம் கைக்கு வரும்வரை நேர்மையான தற்காலிக வழி ஒன்றே: கூட்டம் குறைந்த நேரத்தில் மூடித் திறப்பது. புரோகிராம் மூடியதும் அது பிடித்து வைத்திருந்த முழு இடத்தையும் விண்டோஸ் பறித்துக்கொள்ளும். எனவே கம்ப்யூட்டரை அணைக்கத் தேவையில்லை. இதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. ஓடிக்கொண்டே இருக்கும் மென்பொருளை அது விழும் முன் வேண்டுமென்றே நிறுத்தித் துவக்கும் முறையை 1995-ல் அமெரிக்காவின் ஏடி அண்டு டி பெல் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். மென்பொருளுக்குப் புத்திளமை தருவது என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

எப்போது மூடுவது என்பதையும் அந்தத் தாளே சொல்லும். ஒரு வினாடித் தாமதம் பொறுக்கலாம் என்றால் அந்தக் கடைக்கு எல்லை 200 பில். மதிய உணவு நேரத்தில் ஒரு முறை, ஐந்தரை மணிக்கு, மாலைக் கூட்டம் சேரும் முன், இன்னொரு முறை. கையிலுள்ள பில் அச்சாகி முடிந்த பிறகு, ஒரு நேரத்தில் ஒரு கவுன்ட்டராக. தீபாவளி வாரத்தில் நான்கு முறை. இதனால் புரோகிராம் குணமாகாது. வேகமும் பில் எண் வரிசையும் தப்பும்.

திருத்தம் வந்தபின் சோதிக்க வேண்டியதும் அதே மூன்று எண்கள்தான். பில் 420 ஆகும்போது இடம் காலையில் முதல் ஒரு மணி நேரம் முடிந்தபோது இருந்த மட்டத்துக்குப் பக்கத்திலேயே நின்று, சோப்புக் கட்டி கண்ணிமைப்பதற்குள் பதிவானால் கசிவு அடைபட்டது. எண் இன்னும் ஏறுகிறது, ஆனால் முன்பைவிட மெதுவாக என்றால், எங்கோ இன்னொரு துண்டு கிடக்கிறது.